ஆடினால் கூலி கிடைக்குமா?

தார்நாகாவில் நாம் வழக்கமாகக் கூடும் இரானித் தேநீர்க் கடையில், சென்ற பருவத்தின் ஒரு மாலை, நான் மூன்று இளைய மாணவர்களுக்குக் கைப்பேசித் திரை ஒன்றைக் காட்டினேன். அதில் ஓர் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டத்தின் மூலையில் ஓர் எண் ஏறிக்கொண்டே இருந்தது. “பார்த்தீர்களா தம்பிகளா? நேற்று இருநூறு ரூபாய், இன்றும் இருநூறு ரூபாய். ஆடிக்கொண்டே சம்பாதிக்கலாம்” என்றேன். மூவரும் தமிழ்நாட்டிலிருந்து அந்த ஆண்டுதான் ஐதராபாத்துக்கு வந்தவர்கள். தெலுங்கும் உருதும் புரியாத ஊரில், “அண்ணா” என்று கூப்பிட ஓர் ஆள் கிடைத்தானே என்று என்னை நம்பியவர்கள். அன்றிரவே மூவரும் ஆளுக்கு ஆறாயிரம் ரூபாய் கட்டிவிட்டார்கள். அதில் ஒருவன் கட்டியது விடுதிச் சாப்பாட்டுக்கென்று வீட்டிலிருந்து வந்த பணம்.

அந்தப் பணத்தில் பெரும்பகுதி திரும்பவில்லை. நான் கட்டிய பணமும் திரும்பவில்லை. ஆனால் எனக்கும் அவர்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்களைச் சேர்த்துவிட்டதற்காக எனக்கு ஆளுக்கு நூறு டோக்கன் பரிசாக வந்தது. அந்த வெட்கந்தான் இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னது. இனி இந்த ஏட்டைப் படிக்கும் எவரும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இத்தகைய ஆட்டங்களுக்குள் கால் வைக்கக் கூடாது என்பதே என் கருத்து. அந்தக் கணக்குக்குப் பொருளாதாரப் படிப்பு வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் என் கதையின் கணக்கு. ஆட்டத்தில் நுழைய மூன்று பாத்திரங்களை விலைக்கு வாங்க வேண்டும். மொத்தம் ஆறாயிரம் ரூபாய். நாள்தோறும் ஆடினால் நாற்பது டோக்கன் கிடைக்கும். அன்றைய சந்தையில் ஒரு டோக்கன் ஐந்து ரூபாய். ஆக நாளுக்கு இருநூறு. முப்பது நாளில் முதல் கைக்கு வந்துவிடும். அதன்பின் வருவதெல்லாம் இலாபம். இப்படித்தான் நானும் மனத்தில் கோட்டை கட்டினேன். டோக்கனை ஆயிரம் சேர்ந்த பிறகே வெளியே எடுக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. அதை நான் படித்தேன், பொருட்படுத்தவில்லை. ஆயிரம் சேர இருபத்தைந்து நாள் ஆயிற்று. இருபத்தைந்தாம் நாள் டோக்கனின் விலை தொண்ணூறு காசு! எடுப்பதற்கான கட்டணமாக நூறு டோக்கன் போயிற்று. மிச்சம் தொள்ளாயிரம் டோக்கனுக்கு என் கைக்கு வந்தது எண்ணூற்றுப் பத்து ரூபாய். எனக்குப் பின்னால் வந்த மூவருக்கும் அதுகூட வரவில்லை.

இதில் யாரும் என்னை ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னபடி நாற்பது டோக்கன் நாள் தவறாமல் வந்தது. பிழை வேறிடத்தில் இருந்தது. “எனக்குத் தரப்படும் இந்த ஐந்து ரூபாய் யாருடைய பணம்?” என்ற கேள்வியை நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

எந்தக் கூலிக்கும் பின்னால் ஒருவர் பணம் கொடுத்தாக வேண்டும். தறியில் நெய்பவரின் கூலியைச் சேலை வாங்குபவர் கொடுக்கிறார். கிரிக்கெட் ஆடுபவரின் கூலியை, பார்க்க வருபவரும் விளம்பரம் செய்பவரும் கொடுக்கிறார்கள். நான் என் அறையில் உட்கார்ந்து ஒரு பூதத்தை இன்னொரு பூதத்தோடு மோதவிட்டதை யார் பார்த்தார்கள்? ஒருவரும் பார்க்கவில்லை. அப்படியானால் என் டோக்கனை ஐந்து ரூபாய்க்கு வாங்கியவர் எதற்காக வாங்கினார்? அந்த ஆட்டத்திற்குள் புதிதாக நுழைய விரும்பியதற்காக வாங்கினார். அல்லது நாளை ஆறு ரூபாய்க்கு விற்கலாம் என்று எண்ணி வாங்கினார். வேறு காரணம் எதுவும் இல்லை. பழையவனின் கூலி புதியவனின் நுழைவுப் பணம். புதியவன் வருவது நின்றால் கூலியும் நிற்கும்.

நான் சிக்கியது சிறு குட்டை. இதே தண்ணீர் கடலாகப் பெருகி வற்றியதையும் உலகம் பார்த்திருக்கிறது. ஆக்ஸி இன்பினிட்டி என்ற ஆட்டத்தின் வரலாறு இத்துறையில் பாடப்புத்தகம் போன்றது.

வியட்நாமைச் சேர்ந்த ஸ்கை மேவிஸ் என்னும் நிறுவனம் 2018-இல் தொடங்கிய ஆட்டம் அது. ஆக்ஸி என்பது ஒரு சிறு கற்பனை விலங்கு. அன்று ஆடுவதற்கு மூன்று ஆக்ஸிகள் வேண்டியிருந்தன. அவற்றை மற்ற ஆட்டக்காரர்களிடமிருந்து விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. வென்றால் எஸ்.எல்.பி. என்ற டோக்கன் கிடைத்தது. கொரோனா ஊரடங்கில் வேலையிழந்த பிலிப்பைன்ஸ் மக்கள் ஆயிரக்கணக்கில் இதற்குள் வந்தார்கள். ஆட்டத்தில் கிடைத்த பணத்தில் அரிசி வாங்கினோம், வாடகை கொடுத்தோம் என்று சொன்னவர்கள் உண்டு. அது பொய்யன்று. 2021 ஜூலையில் ஓர் எஸ்.எல்.பி.யின் விலை முப்பத்தைந்து அமெரிக்க சென்ட்டைத் தொட்டது. நாளுக்கு நூறு எஸ்.எல்.பி. எடுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அன்று முப்பத்தைந்து டாலர். மூன்று ஆக்ஸிகளுக்கு ஏறத்தாழ ஆயிரம் டாலர் போட்டிருந்தாலும் ஒரே மாதத்தில் முதல் திரும்பிவிடும். என் கோட்டையும் இதே செங்கல்லால் கட்டியதுதான் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது “யார் பணம்?” என்ற கேள்வியைக் கேட்போம். எஸ்.எல்.பி.யை ஒருவர் வாங்க என்ன தேவை? இரண்டு ஆக்ஸிகளை இணைத்துப் புதிய ஆக்ஸி பிறக்கச் செய்ய அது வேண்டும். அவ்வாறு செலவிட்ட எஸ்.எல்.பி. அழிந்துவிடும். அன்று அதைத் தவிர அதற்குப் பெரிய பயன் இருக்கவில்லை. புதிய ஆக்ஸி யாருக்கு வேண்டும்? ஆட்டத்திற்குள் புதிதாக வருபவருக்கு. வந்தவர் அடுத்த நாள் முதல் தாமும் எஸ்.எல்.பி. எடுத்து விற்கத் தொடங்குவார். ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றும் குழாய்கள் நாளுக்கு நாள் கூடுகின்றன. வெளியேற்றும் ஓட்டை மட்டும் புதியவர் வருகையைப் பொறுத்துத் திறந்து மூடுகிறது. இதற்கு மொத்த அளவு என்று ஒரு வரம்பும் வைக்கப்படவில்லை. ஆடுபவர் கூடக்கூட டோக்கன் கூடிக்கொண்டே போகும்.

2021 இறுதியில் நாள்தோறும் ஆடியவர் இருபது இலட்சத்துக்கும் மேல். அந்த இருபது இலட்சம் பேருக்கும் ஜூலை மாதத்து முப்பத்தைந்து டாலரைக் கொடுக்க வேண்டுமானால் எவ்வளவு ஆகும்? நாளொன்றுக்கு ஏழு கோடி டாலர்! அன்றைய மதிப்பில் ஐந்நூறு கோடி ரூபாய்க்கும் மேல். ஒவ்வொரு நாளும், ஞாயிற்றுக்கிழமை உட்பட, யாரோ வெளியிலிருந்து ஐந்நூறு கோடி ரூபாயைக் கொண்டுவந்து கொட்டினால்தான் அந்தக் கூலி நிலைக்கும். எவர் கொட்டுவார்? கொட்டவில்லை. 2022 ஜனவரி இறுதியில் எஸ்.எல்.பி.யின் விலை ஒரு சென்ட் அளவுக்கு இறங்கியிருந்தது. நூறு எஸ்.எல்.பி. எடுப்பவருக்கு நாளுக்கு ஒரு டாலர். ஆயிரம் டாலர் போட்டவர் முதலை எடுக்க ஆயிரம் நாள் ஆட வேண்டும். 2022 பிப்ரவரியில் நிறுவனமே தினப்பணிக்கும் தனியாட்டத்துக்கும் தந்துவந்த எஸ்.எல்.பி.யை நிறுத்தியது. வாளி நிரம்பி வழிவதை அவர்களும் கண்டார்கள். அடுத்த மாதம், மார்ச் 23 அன்று, அந்த ஆட்டத்தின் ரோனின் என்ற பாலத்திலிருந்து அறுபது கோடி டாலருக்கும் மேற்பட்ட கிரிப்டோ திருடு போயிற்று. அது தனிக்கதை. திருட்டு நடக்கும் முன்பே கூலி செத்துவிட்டது என்பதுதான் நமக்குப் பாடம்.

“என்னிடம் பணம் கேட்கவில்லையே, வேறொருவர் தம் ஆக்ஸியைக் கடனாகக் கொடுத்தார், நான் ஆடினால் பங்கு தருவார்” என்று சொல்லலாம். அந்த முறையும் இருந்தது. அதற்கு ‘ஸ்காலர்ஷிப்’ என்று பெயர் வைத்தார்கள். உதவித்தொகை பெறும் மாணவர்களாகிய நாம் அந்தப் பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. நிலம் ஒருவருடையது, உழைப்பு மற்றொருவருடையது, விளைச்சலில் பங்கு என்றால் நம் ஊரில் அதற்கு வாரம் என்று பெயர். வாரக் குடிக்கு முதல் போகாது, மெய்தான். ஆனால் விளைச்சலின் விலை முப்பத்தைந்தில் ஒரு பங்காக விழுந்தால் அவருடைய உழைப்பும் அதே அளவுக்கு விழும். பலருக்கு அதுதான் நேர்ந்தது.

அடுத்து, முற்றிலும் இலவசம் என்று வரும் திட்டங்களைப் பார்ப்போம். இவற்றை ஏர்டிராப் என்கிறார்கள்: வானத்திலிருந்து பொட்டலம் போடுவது போல, ஒரு புதிய டோக்கனைப் பலருக்கும் இலவசமாக வழங்குவது. நம் விடுதியில் 2024-இல் இரவு பன்னிரண்டு மணிக்கும் திரையைத் தட்டிக்கொண்டிருந்த நண்பர்களை நினைவிருக்கும். டெலிகிராமில் வந்த ஹாம்ஸ்டர் கோம்பட் அது. மார்ச்சில் தொடங்கி, செப்டம்பர் 26 அன்று டோக்கன் வழங்கினார்கள். மொத்த டோக்கன் பத்தாயிரம் கோடி. அதில் அறுபது விழுக்காடு, அதாவது ஆறாயிரம் கோடி, ஆட்டக்காரர்களுக்கு. தகுதி பெற்றவர்கள் ஏறத்தாழ 13 கோடியே 10 இலட்சம் பேர். வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஆளுக்கு 458 டோக்கன். முதல் நாள் விலை ஏறத்தாழ ஒரு சென்ட். அன்றைய மதிப்பில் எண்பத்து நான்கு காசு. ஆளுக்கு முந்நூற்று எண்பத்தைந்து ரூபாய்! அதிலும் ஒரு சிறு பகுதி பத்து மாதம் கழித்தே கைக்கு வரும். நாளுக்கு ஒரு மணி வீதம் ஆறு மாதம் தட்டியவருக்கு மணிக்கு இரண்டு ரூபாய்தான் தேறும். சராசரி என்பதால் பலருக்கு இதனினும் குறைவு. வைத்திருந்து பிறகு விற்கலாம் என்று காத்தவர்களுக்கு இரண்டு மாதத்திற்குள் விலை பாதிக்கும் கீழே போயிற்று.

“இதையெல்லாம் முடிந்த பிறகு சொல்கிறாய், முன்பே எப்படித் தெரியும்?” என்று கேட்பீர்கள். முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டு. கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். பதின்மூன்று கோடிப் பேருக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கிடைக்க வேண்டுமானால் பதின்மூவாயிரம் கோடி ரூபாய் வேண்டும். திரையைத் தட்டியதற்காக அவ்வளவு பணத்தை எடுத்து நீட்டப் போகும் வள்ளல் யார்? அந்த ஆட்டத்திலோ கோடிக்கணக்கானோர் ஆடுகிறார்கள் என்பதே பெருமையாகப் பேசப்பட்டது. பந்தியில் ஆள் கூடக்கூட இலைக்கு விழும் சோறு குறையும் என்பது நமக்குத் தெரியாததா?

இலவச டோக்கனால் எவரும் பயன் பெற்றதே இல்லை என்று நான் சொன்னால் அது பொய்யாகும். 2020 செப்டம்பரில் யூனிஸ்வாப் என்ற கிரிப்டோச் சந்தை, அதற்கு முன் தன்னைப் பயன்படுத்திய ஒவ்வொரு முகவரிக்கும் 400 டோக்கன் வழங்கியது. தொடக்க நாட்களிலேயே அதன் மதிப்பு ஆயிரம் டாலரைத் தாண்டியது. ஆனால் அங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அந்தச் சந்தையில் உண்மையாகவே வாணிகம் நடந்துகொண்டிருந்தது. மற்றொன்று, அந்தப் பரிசு முன்கூட்டி அறிவிக்கப்படவில்லை. அதை எண்ணி யாரும் இரவு விழிக்கவில்லை. அதைக் கண்ட உலகம் அடுத்த பரிசுக்கு வரிசையில் நின்றது. வரிசை நீண்டதும் பரிசு சுருங்கியது. முன்கூட்டி அறிவித்து, ஊரையே கூட்டி, ஆள் சேர்க்கச் சொல்லித் தரும் டோக்கனுக்கு யூனிஸ்வாப்பைச் சான்று காட்டுபவர், பொருந்தாத உவமை சொல்கிறார்.

இதுவரை சொன்னவை கணக்கில் தோற்ற ஆட்டங்கள். கணக்கே இல்லாமல் கொள்ளையடிக்கவே வைக்கும் ஆட்டங்கள் வேறு. அவற்றுக்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. 2023 ஜூலையில் நம் ஐதராபாத் நகரக் காவல்துறை ஒரு மோசடியைக் கண்டுபிடித்து அறிவித்தது. சிக்கடபள்ளிப் பகுதியைச் சேர்ந்த ஒருவர் ஏறத்தாழ 28 இலட்சம் ரூபாய் இழந்து புகார் கொடுத்ததில் தொடங்கிய வழக்கு அது. துப்புத் துலக்கியபோது 712 கோடி ரூபாய் அளவுக்கு வலை விரிந்திருந்தது. சிக்கியவர் ஏறத்தாழ பதினையாயிரம் பேர். டெலிகிராம் வழியாக எளிய பணி தருவார்கள், ஓர் இடத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட வேண்டும், அவ்வளவே. சிறு தொகையைக் கட்டச் சொல்லி, அதை இலாபத்தோடு திருப்பியும் தருவார்கள். நம்பிக்கை முளைத்ததும் பெருந்தொகை கேட்பார்கள். அதன்பின் இலாபம் திரையில் மட்டுமே ஏறும், வெளியே வராது. அந்தப் பணத்தின் ஒரு பகுதி கிரிப்டோவாக மாறி நாடு கடந்தது.

இந்தச் சூழ்ச்சியின் நுட்பம் முதலில் பணத்தைத் திருப்பித் தருவதில் இருக்கிறது. “நான் எடுத்துப் பார்த்தேனே, வந்ததே!” என்று நாம் சொல்வதற்காகவே அது தரப்படுகிறது. தூண்டிலில் புழு இருப்பது மீனுக்கு விருந்து வைப்பதற்காக அன்று.

இத்தோடும் முடியவில்லை. என் தம்பிகளில் ஒருவனுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் இழந்த பிறகு அவன் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. இழந்தவர்களுக்கெல்லாம் இழப்பீடாகப் புதிய டோக்கன் இலவசம். இந்தப் பக்கத்தில் உங்கள் வாலட்டை இணையுங்கள் என்றது. கிரிப்டோ வாலட்டைத் திறக்கும் போதே பன்னிரண்டு சொற்கள் தரப்படும். அந்தச் சொற்களே பெட்டியின் சாவி. அவற்றை அறிந்தவர் எவரோ அவரே உரிமையாளர். பக்கம் அந்தப் பன்னிரண்டு சொற்களைக் கேட்டது. இவனும் தட்டச்சு செய்தான். அரை மணிக்குள், தனியே சேர்த்துவைத்திருந்த ஒன்பதாயிரம் ரூபாய்க் கிரிப்டோவும் போயிற்று. வங்கியில் போனால் முறையிட ஒரு மேலாளர் உண்டு. இங்கே போனதைத் திருப்பச் சொல்ல ஒரு சன்னல்கூட இல்லை.

இனி, நுழையும் முன் பார்க்க வேண்டிய அடையாளங்களைச் சொல்கிறேன். நீண்ட பட்டியல் தந்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஐந்தே போதும். வரிசையாகப் பாருங்கள், எதில் இடறினாலும் அங்கேயே நின்றுவிடுங்கள்.

முதலாவது, யார் பணம்? டோக்கனை வாங்குபவர் அதை வேறு எதற்குப் பயன்படுத்துவார் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். “மற்றொருவருக்கு விற்பார்”, “புதிதாகச் சேருவார்” என்பவை மட்டுமே விடையானால், உங்கள் கூலி உங்களுக்குப் பின்னால் வருபவரின் பை.

இரண்டாவது, பெருக்கல். ஒருவருக்குச் சொல்லப்படும் தினவருமானத்தை மொத்த ஆட்டக்காரர் எண்ணிக்கையால் பெருக்குங்கள். வரும் தொகையை நாள்தோறும் யாரால் தர முடியும் என்று நினைத்துப் பாருங்கள். கூடவே, டோக்கனின் மொத்த அளவுக்கு வரம்பு உண்டா, நாளொன்றுக்கு எவ்வளவு பிறக்கிறது, எவ்வளவு அழிகிறது என்று அவர்களுடைய அறிக்கையிலேயே தேடுங்கள். வரம்பும் இல்லை, அழிவும் இல்லை என்றால் விலை எப்பக்கம் போகும் என்பதற்குச் சோதிடர் வேண்டாம்.

மூன்றாவது, வெளியேறும் வாசல். உள்ளே போகும் வழி அகலமாகவும், வெளியே வரும் வழி குறுகலாகவும் இருக்கிறதா? குறைந்தபட்ச அளவு, காத்திருக்கும் நாள், எடுக்கும் கட்டணம் ஆகிய மூன்றையும் படியுங்கள். என்னை வீழ்த்தியது இந்த வாசல்தான். உங்கள் பணத்தை எடுக்கவே வரி என்றும், வைப்பு என்றும், சரிபார்ப்புக் கட்டணம் என்றும் மேலும் பணம் கேட்டால், அது வாசலே அன்று. சுவரில் வரைந்த படம். அந்தக் கணமே நிறுத்துங்கள். போட்டதை மீட்கப் போடும் பணந்தான் பெரும்பாலோரை மூழ்கடிக்கிறது.

நான்காவது, ஆள் சேர்க்கும் பரிசு. ஆட்டம் இனிமையானதென்றால் ஆடுபவர் தாமே நண்பரைக் கூப்பிடுவார். கூப்பிடுவதற்குக் கூலி தருகிறார்கள் என்றால், அங்கே விற்பனைப் பொருள் ஆட்டம் அன்று, நீங்கள்.

ஐந்தாவது, சாவி. பன்னிரண்டு சொற்களை எந்தப் பக்கமும், எந்த அதிகாரியும், எந்தப் பரிசும் கேட்கக் காரணமே இல்லை. கேட்டால் அது திருட்டு. இதில் ஐயத்துக்கே இடமில்லை. சொற்களைக் கேட்காமல், ஓர் ஒப்புதல் பொத்தானை அழுத்தச் சொல்லி, வாலட்டில் உள்ளதை எடுக்கும் உரிமையை வாங்கிக்கொள்ளும் பக்கங்களும் உண்டு. ஆகவே பரிசு பெறத்தான் வேண்டும் என்றால், காசு எதுவும் இல்லாத ஒரு புதிய வாலட்டைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் கடந்து ஒருவருக்கு இலாபமே வந்தாலும் அரசின் பங்கை மறக்கக் கூடாது. 2022 ஏப்ரல் முதல் நம் நாட்டில் கிரிப்டோ விற்று வரும் இலாபத்திற்கு முப்பது விழுக்காடு வரி. ஒரு டோக்கனில் ஆயிரம் வந்து மற்றொன்றில் ஆயிரம் போயிருந்தால், “சரிக்குச் சரி” என்று சொல்ல முடியாது. போனதைக் கழிக்க இடமில்லை. வந்த ஆயிரத்திற்கு வரி கட்ட வேண்டும். முதலில் போட்ட கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள், cybercrime.gov.in என்ற பக்கத்தில் புகாரைப் பதியுங்கள். வங்கி வழியாகப் போன பணம் கிரிப்டோவாக மாறும் முன் தடுக்கப்பட்டால் மீள வழியுண்டு. அதற்குக் கிடைக்கும் அவகாசம் மணிக்கணக்கே, நாள்கணக்கு அன்று. என் தம்பி நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. “அண்ணா திட்டுவீர்கள் என்று பயந்தேன்” என்றான். திட்டும் தகுதி எனக்கு ஏது?

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்றார்கள் நம் முன்னோர். நாம் அளக்காமலே போட்டோம். ஏன் அளக்கவில்லை என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். அறிவு இல்லாமல் அன்று. என் தம்பிகளில் ஒருவன் கணிதம் படிப்பவன். சொன்னவன் நம் ஊர்க்காரன், நம் மொழி பேசுபவன், நம் சங்கத்தில் மூத்தவன் என்பதால் அளக்கவில்லை. அயலூரில் மொழிதான் நமக்கு உறவு. பொங்கலுக்குச் சேர்ந்து பானை வைக்கிறோம். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கிறோம். சார்மினார் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிறவனிடம் வீட்டுக்குப் பொட்டலம் கொடுத்து அனுப்புகிறோம். அந்த உறவைத்தான் நான் நூறு டோக்கனுக்கு விற்றேன். அந்த நூறு டோக்கனின் இன்றைய விலையில் ஒரு குவளை இரானித் தேநீர்கூட வாங்க முடியாது.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். சேர்த்துவிட்டால் தமக்குப் பரிசு கிடைக்கும் எந்த இணைப்பையும் சங்கத்தின் குழுவில் எவரும் இடக் கூடாது என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு விதி இயற்றுவோம். மீறி இட விரும்புபவர், தமக்கு எவ்வளவு பரிசு வருகிறது என்பதையும், தாம் எவ்வளவு போட்டு எவ்வளவு கையில் எடுத்தார் என்பதையும் அதன் கீழே எழுதட்டும். திரையில் ஏறிய எண் வேண்டாம். வங்கிக்கு வந்த தொகையைச் சொல்லட்டும். இந்த ஒரு வரியை எழுத வேண்டியிருந்தால், அன்று நான் அந்த மூவரிடமும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஏனெனில் அன்றுவரை என் கைக்கு ஒரு காசுகூட வந்திருக்கவில்லை.

மூன்று தம்பிகளுக்கும் நான் பட்ட கடனை மாதம் ஐந்நூறாகத் திருப்பிக் கொடுத்து வருகிறேன். மாலையில் ஒரு பள்ளிச் சிறுவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கூலி அவன் தந்தையின் சம்பளத்திலிருந்து வருகிறது. யார் பணம் என்று எனக்குத் தெரியும்.